ஒரே மதிப்பெண், நான்கு கதைகள்

1973-இல் பிரான்சிஸ் அன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறிய அட்டவணைகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். எதற்குப் போக்குக்கோடு வரைந்தாலும் y = 3 + 0.5x என்றே வரும். R² மதிப்பும் நான்குக்கும் ஏறக்குறைய 0.67தான்.

y மதிப்புகள் தம் சராசரியைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன அல்லவா? அந்தச் சிதறலில் எத்தனை பங்கைக் கோடு விளக்குகிறது என்பதை R² சொல்கிறது. இங்கே மூன்றில் இரண்டு பங்கு. மீதி எப்படிப்பட்டது என்று அது சொல்லாது. அதற்கு எச்சங்களைப் பார்க்க வேண்டும்: உண்மை மதிப்பிலிருந்து கோடு சொல்லும் மதிப்பைக் கழித்தால் கிடைப்பவை.

இரண்டாவது அட்டவணையில் x 4 ஆகும்போது y 3.10. கோடு சொல்வது 5, எச்சம் −1.90. நடுவில் x 9 ஆகும்போது +1.27. கடைசியில், x 14-இல், மறுபடி −1.90. இரு முனைகளிலும் கழித்தல், நடுவில் கூட்டல். கோடு பொருத்தமானதாக இருந்தால் எச்சங்கள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். இப்படி வில்லாக வளைந்தால் தரவே வளைவானது என்று பொருள். x² உறுப்பு ஒன்றைச் சேர்த்ததும் புள்ளிகள் அநேகமாக அப்படியே வளைவில் உட்கார்ந்துவிடுகின்றன. (எந்த உறுப்பைச் சேர்த்தாலும் R² குறையாது என்பதால், அது ஏறியதை மட்டும் வைத்து மகிழ்வது வீண்.)

மூன்றாவதில் சிக்கல் வேறு. x 13-இல் ஒரே புள்ளி மட்டும் கோட்டுக்கு 3.24 மேலே நிற்கிறது. அதை நீக்கினால் மற்ற பத்தும் நேர்கோட்டில் வருகின்றன, ஆனால் சரிவு 0.5 அல்ல, சுமார் 0.35.