காலையில் ஒரு மணி நேரம், இரவுக்குள் ஆறு மணி நேரம்: விமானத் தாமதம் பெருகும் விதம்

இந்தியாவின் உள்நாட்டு வழித்தடங்களில் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானம் ஒன்று, ஒரே நாளில் ஐந்து முதல் ஏழு முறை வரை புறப்பட்டு இறங்குகிறது. காலையில் சென்னையிலிருந்து டெல்லி சென்ற அதே விமானம் அங்கிருந்து மும்பைக்கும், மும்பையிலிருந்து மீண்டும் சென்னைக்கும், மாலையில் ஹைதராபாத்துக்கும் கோயம்புத்தூருக்கும் பறக்கும். பயணிகள் பார்வையில் இவை வெவ்வேறு எண் கொண்ட தனித்தனி விமானங்கள். நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இவை அனைத்தும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து வரையப்பட்ட கட்டங்கள். முதல் கட்டம் நகர்ந்தால் மற்றவையும் நகர்ந்தாக வேண்டும்.

வந்திறங்கிய விமானம் மறுபடி புறப்படத் தயாராகும் இடைவெளியைத் துறைக்காரர்கள் 'டர்ன்அரவுண்ட்' என்பார்கள். சக்கரங்களுக்குத் தடுப்புக்கட்டை வைத்தது முதல் அந்தக் கட்டை எடுக்கப்படும் வரையிலான நேரம் அது. அதற்குள் நூற்று எண்பது பேர் இறங்க வேண்டும், இருக்கைகளுக்கு இடையே சுத்தம் செய்ய வேண்டும், புதிதாக நூற்று எண்பது பேர் ஏற வேண்டும். எரிபொருள் நிரப்புவதும் பெட்டிகளை ஏற்றி இறக்குவதும் பெரும்பாலும் இவற்றோடு சேர்ந்தே நடக்கும். ஆனால் இறங்குவது, துடைப்பது, ஏறுவது ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும். எத்தனை ஆட்களைக் கூட்டினாலும், நடுவில் ஒரே நடைபாதை கொண்ட விமானத்தில் இந்த மூன்றையும் ஒரு அளவுக்கு மேல் சுருக்க முடியாது. எல்லாம் சரியாக நடந்தால் அரை மணி நேரத்தில் முடியும். அட்டவணையில் நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தால், பத்து நிமிடம் மிச்சம். தாமதத்தை உள்வாங்கிக்கொள்ள ஒரு விமானத்துக்குத் தரையில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடம்தான்.

இதை ஒரு மாதிரி நாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். அட்டவணைப்படி விமானம் சென்னையில் 6.00 மணிக்குக் கிளம்பி 8.50-க்கு டெல்லி சேர்கிறது. 9.30-க்கு டெல்லியில் கிளம்பி 11.45-க்கு மும்பை. 12.25-க்கு அங்கிருந்து கிளம்பி 2.20-க்குச் சென்னை. பிற்பகல் 3.00 மணிக்கு ஹைதராபாத் கிளம்பி, 4.55-க்கு அங்கிருந்து திரும்பி, 6.10-க்குச் சென்னை. 6.50-க்குக் கோயம்புத்தூர் கிளம்பி, 8.40-க்கு அங்கிருந்து திரும்பி, 9.50-க்குச் சென்னையில் ஓய்வு. மொத்தம் ஏழு பறப்புகள். தரையில் நிற்கும் ஒவ்வொரு இடைவெளியும் நாற்பது நிமிடம்.

டெல்லியில் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கும்போது ஒரு டயரில் வெட்டு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தை மாற்ற வேண்டும். விமானம் 9.30-க்குப் பதிலாக 10.30-க்குக் கிளம்புகிறது. அதன்பின் அன்று முழுவதும் வேறு எந்தக் கோளாறும் இல்லை, தரைப் பணியாளர்கள் ஒவ்வொரு ஊரிலும் அரை மணியில் வேலையை முடிக்கிறார்கள் என்றே கொள்வோம். அப்போதும் மும்பையில் 50 நிமிடம், சென்னையில் 40, ஹைதராபாத்தில் 30, மீண்டும் சென்னையில் 20, கோயம்புத்தூரில் 10 என்று தாமதம் பத்துப் பத்தாகத்தான் கரையும். டெல்லியின் அறுபதையும் சேர்த்துக் கூட்டினால் 210 நிமிடம். ஒரு மணி நேரக் கோளாறு, ஆறு விமானங்களின் பயணிகளிடையே மூன்றரை மணி நேரத் தாமதமாகப் பரவிவிட்டது. இத்தனைக்கும் இது எல்லாம் நல்லபடியாக நடந்த நாள்.

உண்மையான நாட்கள் அப்படி அமைவதில்லை. மும்பையில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால், பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றையே பயன்படுத்த முடியும். எந்த விமானம் எப்போது புறப்படும் என்பதற்கு 'ஸ்லாட்' எனப்படும் நேர ஒதுக்கீடு உண்டு. தன் நேரத்தைத் தவறவிட்ட விமானம், தயாராக இருந்தாலும் மற்றவற்றின் இடையே ஒரு இடம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். நம் விமானம் 1.15-க்குத் தயாராகியும் 1.40-க்குத்தான் கிளம்புகிறது. ஐம்பது நிமிடமாகக் குறைந்திருக்க வேண்டிய தாமதம் எழுபத்தைந்தாகிவிட்டது. மாலையில் சென்னை வானில் இடிமழை. தரையிறங்க முடியாமல் இருபது நிமிடம் வட்டமடிக்கிறது. இப்போது புறப்பாட்டுத் தாமதங்கள் 60, 75, 65, 55, 65, 55 என்று நீள்கின்றன. கூட்டுத்தொகை 375 நிமிடம், அதாவது ஆறேகால் மணி நேரம். நேரடியான காரணங்களின் அளவோ டயருக்கு அறுபது, மும்பைக் காத்திருப்புக்கு இருபத்தைந்து, மழைக்கு இருபது, ஆக 105 நிமிடம் மட்டுமே. அந்த மும்பைக் காத்திருப்பும் டயர் வெட்டு இல்லாவிட்டால் நேர்ந்திருக்காது.

இதுவரை பேசியது ஒரே விமானத்தின் கோடு. பணிக்குழுவினர் அந்தக் கோட்டிலேயே நாள் முழுதும் இருப்பதில்லை என்பதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. டெல்லியிலிருந்து மும்பை வந்த பணிப்பெண்கள் அங்கே இறங்கி, 12.40-க்குக் கோவா செல்லும் வேறொரு விமானத்தில் ஏற வேண்டியிருக்கலாம். அந்த விமானம் நேரத்துக்கு வந்து, எரிபொருள் நிரப்பி, தயாராக நிற்கிறது. ஆட்கள் 12.45-க்குத்தான் தரையிறங்குகிறார்கள். அவர்கள் இறங்கிப் போய்ப் பயணிகளை ஏற்றி முடிக்க ஒன்றரை மணியாகிவிடும். டெல்லிப் பக்கமே போகாத கோவா விமானமும் தாமதமாகி, அதன் கோட்டில் இருக்கும் மற்றப் பறப்புகளும் பின்னால் தள்ளப்படுகின்றன. ஒரு சங்கிலி இப்போது இரண்டு சங்கிலி. கோவா செல்லும் பயணியிடம் 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்று அறிவிப்பார்கள். டெல்லியில் கிழிந்த டயரைப் பற்றி அவருக்குத் தெரிய வழியே இல்லை.

விமானிகளின் பணி நேரத்துக்குச் சட்டப்படி வரம்பும் உண்டு. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதை வகுத்திருக்கிறது. தரையிறக்கங்கள் கூடக்கூட, அனுமதிக்கப்படும் பணி நேரம் குறையும். பணி நேரம் கணக்கிடப்படுவது பறக்கத் தொடங்கியதிலிருந்து அல்ல, பணிக்கு வந்து ஆஜரானதிலிருந்து. விமானத்துக்காகக் காத்திருந்த நேரமும் அதில் சேரும். வரம்பு நெருங்கிவிட்டால் மாற்றுக்குழு வர வேண்டும். நிறுவனத்தின் தளமான பெரிய நகரங்களில் அப்படி ஒரு குழு தயாராக இருக்கலாம். சிறிய ஊரில் இருக்காது. தாமதமாகத் தொடங்கியது அந்த ஊரில் ரத்தாக முடிகிறது. களைத்த விமானி பறக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி இது. இதைத் தளர்த்திச் சிக்கலைத் தீர்க்க நினைப்பது தவறு.

தாமதங்களின் காரணத்தைப் பதிவு செய்ய உலகெங்கும் எண் குறியீடுகள் உள்ளன. அவற்றில் 93 என்ற எண், முந்தைய பறப்பிலிருந்து விமானமே தாமதமாக வந்து சேர்ந்ததைக் குறிக்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் 2003 முதல் இதைத் தனி வகையாகக் கணக்கெடுத்து வெளியிடுகிறது. ஐரோப்பாவில் அண்மை ஆண்டுகளில், மொத்தத் தாமத நேரத்தில் ஏறத்தாழப் பாதி இப்படி முந்தைய பறப்புகளிலிருந்து கடத்தப்பட்டதுதான். சரியான நேரத்தில் புறப்பட்டதாகக் கொள்ள 15 நிமிடம் வரை சலுகை உண்டு. ஆகவே 14 நிமிடம் பிந்தியது தாமதமாகவே எண்ணப்படாது; ஆனால் தரையில் மிச்சமிருந்த பத்து நிமிடத்தையும் அது விழுங்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறது.

இடைவெளியைக் கூட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பதினைந்து நிமிடம் கூட்டினால், ஆறு நிறுத்தத்துக்கு ஒன்றரை மணி நேரம். சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு முறை பறக்கும் நேரத்தை விட அது அதிகம். விமானம் பறக்கும்போதுதான் வருமானம். குறைந்த கட்டண நிறுவனம் அந்தப் பறப்பை விட்டுக்கொடுக்கத் தயங்கும். அதற்குப் பதிலாகச் சில முறைகளைக் கையாளுகிறார்கள். பெரிய தளத்தில் இரு விமானங்களின் கோடுகளை மாற்றிக்கொள்வார்கள். அதுவும் முடியாவிட்டால், ஒரு குறுகிய சென்று-திரும்பும் ஜோடியை ரத்து செய்வார்கள். நம் மாதிரி நாளில் சென்னை–ஹைதராபாத்–சென்னை பறப்புகளை நீக்கிவிட்டால், 3.35-க்குச் சென்னை வந்த விமானம் 6.50 கோயம்புத்தூர் சேவைக்கு நிதானமாகத் தயாராகும். ஒரு பக்கத்தை மட்டும் ரத்து செய்தால் விமானம் வேறு ஊரில் மாட்டிக்கொள்ளும் என்பதால் இரண்டும் சேர்ந்தே போகும். மற்றவர்களைக் காப்பாற்ற அந்த இரு விமானப் பயணிகள் பலியாகிறார்கள். அவர்களுக்கு உடனடியாக மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் கடமை.

இந்தச் சங்கிலியை உண்மையில் அறுப்பது இரவு ஒன்றுதான். இரவு 9.50-க்கு வர வேண்டிய விமானம் 10.45-க்கு வந்தாலும், காலை 6.00 மணிக்கு முன் ஏழு மணி நேரம் இருக்கிறது. ஐம்பத்தைந்து நிமிடத் தாமதம் அதில் தடமில்லாமல் கரைந்துவிடும். பொறியாளர்கள் டயர், பிரேக், எண்ணெய் அளவு ஆகியவற்றைச் சோதிக்கவும் அவகாசம் உண்டு. காலையில் பணிக்கு வரும் குழுவும் ஓய்வெடுத்துவிட்டு வருகிறது. அது வேறெந்த விமானத்திலிருந்தும் இறங்கி வர வேண்டியதில்லை. முதல் விமானத்துக்கு முன்னால் எதுவும் இல்லை என்பதே அதன் பலம். அதையும் மீறி அது ரத்தானால், அன்றைக்கே வேறு விமானங்களில் இடம் தேட முழு நாளும் மிச்சமிருக்கும். கடைசி விமானம் ரத்தானவருக்கு மறுநாள் வரை வழியில்லை.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. டிசம்பர், ஜனவரியில் டெல்லியிலும் வட இந்திய நகரங்களிலும் அடர்ந்த மூடுபனி விடியற்காலையில்தான் சூழ்கிறது. கருவி உதவியோடு மிகக் குறைந்த பார்வைத் தூரத்தில் இறங்க வசதி இருந்தாலும், விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். புறப்பாடுகளின் இடைவெளியும் கூடும். அந்த வாரங்களில் டெல்லிக்கு முற்பகல் பத்து மணிக்கு மேல் சென்று சேரும் விமானமே நல்ல தேர்வு. சென்னையில் போகி நாள் காலையில், பழைய பொருட்களை எரிக்கும் புகை பனியோடு கலந்து விமானங்களைத் தடுத்ததுண்டு.

அட்டவணையில் அதிகாலை என்று இருப்பதெல்லாம் அந்த விமானத்தின் முதல் பறப்பாகவும் இருக்காது. சென்னை போன்ற விமான நிலையங்கள் இரவு முழுதும் இயங்குகின்றன. காலை 5.30-க்குக் கிளம்பும் விமானம், வளைகுடா நாட்டிலிருந்து 4.15-க்குத்தான் வந்து இறங்கியிருக்கலாம். அப்படியானால் அது முந்தைய நாளின் சங்கிலியில்தான் இருக்கிறது. சிறிய ஊரிலிருந்து காலையில் கிளம்பும் விமானம் முந்தைய இரவே அங்கே தங்கியதா, அல்லது பெரிய நகரத்திலிருந்து காலையில் வந்து திரும்புவதா என்பதும் முக்கியம். பிந்தையது இரண்டாவது பறப்பு.

இதைப் பயணியே பார்த்துக்கொள்ள முடியும். Flightradar24 போன்ற தளங்களில் விமானச் சேவை எண்ணைத் தேடினால், அன்று அதற்கு ஒதுக்கப்பட்ட விமானத்தின் பதிவெண் தெரியும்; இந்திய விமானங்களுக்கு அது VT என்று தொடங்கும். பதிவெண்ணைத் தொட்டால், அது இப்போது எங்கே இருக்கிறது, முந்தைய பறப்பில் எவ்வளவு பிந்தியிருக்கிறது என்பது வரும். விமானம் இன்னும் மும்பையில் நிற்கும்போது, சென்னையில் பலகை 'சரியான நேரம்' என்று காட்டினாலும் அதை நம்ப வேண்டாம். அதே சமயம், தாமதம் உறுதி என்று எண்ணி வீட்டிலேயே தங்கிவிடவும் வேண்டாம். விமானத்தை மாற்றிவிட்டால் குறித்த நேரத்திலேயே கதவை மூடிவிடுவார்கள். வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்கவோ, தேர்வுக்கோ, முகூர்த்தத்துக்கோ போகிறவர்கள் காலையின் முதல் விமானத்தில் இடம் போடுவது நல்லது. அது கிடைக்காவிட்டால் முந்தைய நாளே கிளம்பிவிடுங்கள்.