வலி மாத்திரையே வலியைக் கூட்டுவதும் குடலை மந்தமாக்குவதும்: ஓபியாய்டு மருந்துகளை நீண்டகாலம் உட்கொள்வோர் அறிய வேண்டியவை

மார்ஃபின் போன்ற வலி நிவாரண மருந்துகளை மாதக்கணக்கில் உட்கொள்வோரில் சிலர் இருவகைக் குறைகளுடன் மருத்துவமனைக்கு வருகின்றனர். மருந்தின் அளவைக் கூட்டிய பின்பும் வலி கூடுகிறது என்பது ஒன்று. நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உட்கொள்ளும் மருந்தே காரணமாக இருக்கக்கூடும். அது எவ்வாறு நிகழ்கிறது, அதனை எவ்வாறு கண்டறிவது, என்ன செய்ய வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

எந்த மருந்துகளைப் பற்றியது?

மார்ஃபின், ட்ரமடால், டாபென்டடால், கோடீன் ஆகியவையும், தோலில் ஒட்டப்படும் ஃபென்டனில், புப்ரெனார்ஃபின் பட்டைகளும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை. பாராசிட்டமால், ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் சில மாத்திரைகளில் பாராசிட்டமாலுடன் ட்ரமடாலும் சேர்ந்திருக்கும். எனவே மாத்திரை அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள மருந்துப் பெயர்கள் அனைத்தையும் படித்துப் பாருங்கள்.

வலியைக் குறைக்கும் மருந்து வலியைக் கூட்டுவது எவ்வாறு?

உடலின் ஓரிடத்தில் தோன்றும் வலிச் செய்தி நரம்புகள் வழியாகத் தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்குச் செல்கிறது. நரம்பணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் எனப்படும் அமைப்புகள் உள்ளன. ஓபியாய்டு மருந்து இவற்றில் பொருந்தி, வலிச் செய்தி மேலே செல்வதைத் தணிக்கிறது.

மருந்து நாள்தோறும் அதிக அளவில் உடலில் இருக்கும்போது, நரம்பு மண்டலம் அதற்கு எதிரான மாற்றங்களைத் தன்னுள் ஏற்படுத்திக்கொள்கிறது. தண்டுவடத்தில் வலிச் செய்தியைப் பெருக்கும் வேறுவகை ஏற்பிகள் கூடுதலாகச் செயல்படத் தொடங்குகின்றன. மூளையிலிருந்து கீழிறங்கும் சில நரம்புப் பாதைகளும் வலியை அடக்குவதற்கு மாறாக அதனைத் தூண்டுகின்றன. இதன் விளைவாகச் சிறிய வலி பெரிய வலியாகவும், சாதாரணத் தொடுகை வலியாகவும் உணரப்படுகிறது. இந்நிலையே ஓபியாய்டு மருந்தினால் உண்டாகும் வலி மிகையுணர்வு ஆகும். 1870 ஆம் ஆண்டிலேயே கிளிஃபோர்ட் ஆல்பட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மார்ஃபின் ஊசியே வலியை வளர்க்கிறதோ என்ற ஐயத்தை எழுப்பினார்.

இம்மருந்தை உட்கொள்ளும் அனைவருக்கும் இந்நிலை ஏற்படுவதில்லை. அதிக அளவை நீண்டகாலம் உட்கொள்வோரிடமும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்து மார்ஃபினின் கழிவுப்பொருள்கள் உடலில் தேங்குவோரிடமும் இதனை எதிர்பார்க்க வேண்டும்.

எவ்வாறு அடையாளம் காண்பது?

வலி கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மூல நோயே முற்றியிருக்கலாம். அல்லது உடல் மருந்துக்குப் பழகிப்போய், பழைய அளவு போதாமல் இருக்கலாம். நோய் முற்றியிருப்பின் வலி பெரும்பாலும் பழைய இடத்தில் கடுமையாகும். அல்லது பரிசோதனையில் தெரியவரும் புதிய காரணம் ஒன்று இருக்கும். உடல் பழகிப்போயிருப்பின், அளவைச் சற்றுக் கூட்டினால் வலி குறையும்.

வலி மிகையுணர்வின் இயல்பு வேறு. முதலில் வலித்த இடத்தைக் கடந்து, எல்லை காட்ட முடியாதவாறு வலி பரவும். ஆடை உரசுவதும் போர்வை படுவதும்கூட எரிச்சலாகவோ வலியாகவோ தோன்றும். அளவைக் கூட்டினால் ஓரிரு நாட்கள் தணிந்தது போலிருந்து, பின்னர் முன்னிலும் மிகும். மிக அதிக அளவில் கைகால் தசைகள் திடீர் திடீரெனத் துடிக்கவும் கூடும். இதனை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. உங்கள் விவரிப்பைக் கேட்டு, பிற காரணங்களை விலக்கி, அளவைக் குறைத்தபின் வலி தணிகிறதா என்று பார்த்தே மருத்துவர் முடிவுக்கு வருவார். எனவே வலி எங்கே, எப்போது, மாத்திரைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது மிகவும் பயன்படும்.

குடல் மந்தமாவது ஏன்?

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள அதே ஏற்பிகள் குடற்சுவரின் நரம்புகளிலும் உள்ளன. மருந்து அங்கும் பொருந்துகிறது. உணவை முன்னோக்கித் தள்ளும் குடலின் அலை இயக்கம் குறைகிறது. குடலில் சுரக்கும் நீரும் குறைகிறது. மலம் குடலில் நெடுநேரம் தங்குவதால் அதிலுள்ள நீர் மேலும் உறிஞ்சப்பட்டு, அது கெட்டியாகிறது. ஆசனவாயின் தசையும் இறுகுகிறது.

மார்ஃபின் தொடங்கும்போது ஏற்படும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். மலச்சிக்கல் அவ்வாறு தணிவதில்லை. மருந்து உள்ளவரை தொடரும். ஆகவே ஓபியாய்டு மருந்தைத் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியையும் தொடங்க வேண்டும்.

இங்கு இரு மருந்துகள் தேவைப்படலாம். பிசகோடில் அல்லது நிலாவாரை எனப்படும் சென்னா மாத்திரை குடலின் அசைவைத் தூண்டும். இரவில் உட்கொண்டால் மறுநாள் காலையில் பயன் தெரியும். லாக்டுலோஸ் திரவமும் மேக்ரோகால் தூளும் குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்கும். இவற்றின் பயன் தெரிய ஓரிரு நாட்கள் ஆகலாம். இசப்கோல் உமியை மருத்துவர் கூறாமல் உட்கொள்ள வேண்டாம். அது மலத்தின் பருமனைக் கூட்டுகிறது. குடல் அசையாதபோது, குறிப்பாகப் போதிய நீர் அருந்த இயலாத நோயாளிகளில், அது அடைப்பையே உண்டாக்கலாம். மலமிளக்கிகளால் பயன் கிட்டாதபோது, குடலிலுள்ள ஏற்பிகளில் மட்டும் ஓபியாய்டின் செயலைத் தடுக்கும் மருந்துகளும் உள்ளன. அவை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

பராமரிப்பாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல நாட்கள் மலம் கழியாத நோயாளிக்குத் திடீரென நீர்த்த மலம் கசிந்தால், அது வயிற்றுப்போக்காக இல்லாமலும் இருக்கலாம். மலக்குடலில் கெட்டியாக அடைத்துள்ள மலத்தைச் சுற்றி நீர் வழிந்து வருவதாக இருக்கலாம். அந்நிலையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்தால் அடைப்பு மேலும் இறுகும்.

ஓர் எடுத்துக்காட்டு

இரண்டு சிக்கல்களும் ஒன்றையொன்று வளர்ப்பதை, விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட பின்வரும் எடுத்துக்காட்டில் காணலாம்.

52 வயதான ஒருவருக்கு முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கீழ்முதுகிலும் வலது காலிலும் வலி நீடித்தது. நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை 10 மில்லிகிராம் என, நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் மார்ஃபின் கொடுக்கப்பட்டது. பத்துக்கு எட்டு என்றிருந்த வலி நான்காகக் குறைந்தது. வலி மீண்டும் கூடியபோதெல்லாம் அளவு உயர்த்தப்பட்டு, 14 மாதங்களில் 120 மில்லிகிராமை எட்டியது. அதன்பின் வலி முதுகு முழுவதும், இரு தொடைகளிலும், கைகளிலும் பரவி ஒன்பதானது. சட்டை பட்டாலே தோல் எரிந்தது. மலம் ஐந்து நாட்களுக்கு ஒருமுறைதான் கழிந்தது. அடிவயிற்றில் வலித்தபோது, அதனையும் முதுகுவலியின் தொடர்ச்சி எனக் கருதி, கூடுதலாக ஒரு மார்ஃபின் மாத்திரையை உட்கொண்டார். அந்த மாத்திரை குடலை மேலும் மந்தமாக்கியது. வயிற்றுவலி மேலும் கூடியது.

மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பில் புதிய மாற்றம் இல்லை. சிறுநீரகச் செயல்பாடு இயல்பாக இருந்தது. மலக்குடலில் கெட்டியான மலம் அடைத்திருந்தது. முதலில் எனிமா கொடுத்து அடைப்பு அகற்றப்பட்டது. பின்னர் இரவில் 10 மில்லிகிராம் பிசகோடிலும், இருவேளை 15 மில்லிலிட்டர் லாக்டுலோஸும் தொடங்கப்பட்டன. ஒரு வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் மலம் கழிந்தது. அடிவயிற்று வலி நின்றது. கூடுதல் மாத்திரைக்கான தேவையும் மறைந்தது.

அடுத்து, நரம்பு வலிக்கான டுலாக்செட்டினும் இயன்முறைப் பயிற்சியும் சேர்க்கப்பட்டன. அதன்பின் மார்ஃபினின் நாளளவு நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் வீதம் குறைக்கப்பட்டது. ஒவ்வொரு முறை குறைத்ததும் சில நாட்கள் வலி சற்றுக் கூடியது. இதனை மருத்துவர் முன்கூட்டியே கூறியிருந்ததால் அவர் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. மூன்றாம் மாதத்தில் ஆடை பட்டால் எரியும் உணர்வு மறைந்தது. ஆறாம் மாதத்தில் 60 மில்லிகிராமில் அவருடைய வலி ஐந்தாக இருந்தது. வலி முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும் பழைய இடத்திற்குள் அடங்கியது, இரவில் உறங்கவும் முடிந்தது.

எல்லோருக்கும் இதே வழி பொருந்தாது. சிலருக்கு மார்ஃபினுக்கு மாற்றாக மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் கொடுக்கப்படும். இம்மாற்றத்தை இவற்றில் அனுபவமுள்ள மருத்துவரே செய்ய வேண்டும். புதிய மருந்தின் அளவைத் தவறாகக் கணக்கிட்டால் மூச்சு மந்தமாகும்.

நீங்கள் செய்யக் கூடாதவை

வலி கூடுகிறது என்பதற்காக மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். இப்பக்கத்தைப் படித்துவிட்டு மருந்தைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். நீண்டகாலம் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் வியர்வை, மூக்கில் நீர் வடிதல், வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு, பதற்றம் ஆகியவற்றுடன் கடும் வலியும் ஏற்படும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் இன்றியமையாத மருந்து. வலி மிகையுணர்வு ஏற்படுமோ என அஞ்சி அதனைத் தவிர்ப்பது நோயாளியைத் தேவையின்றித் துன்புறுத்தும்.

எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

மூன்று நாட்கள் மலம் கழியாவிட்டாலும், வலி புதிய இடங்களுக்குப் பரவினாலும், தொட்டாலே வலித்தாலும், சிகிச்சை அளிக்கும் மருத்துவரையோ அரசு மருத்துவமனையின் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவையோ அணுகுங்கள். உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் வலிக் குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல், வாந்தி தொடர்ந்தால் குடல் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். அந்நிலையில் மலமிளக்கி கொடுக்க வேண்டாம். நோயாளியை எழுப்ப முடியாத அளவுக்கு உறக்கம் இருந்தாலும், மூச்சு மிக மெதுவாக இருந்தாலும், அது மருந்து அளவுக்கு மீறியதன் அறிகுறி. இவற்றில் எது நேர்ந்தாலும் உடனடியாக 108 எண்ணை அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.