எண் ஒன்று சொல்ல, வாய் வேறு சொல்ல

இங்கிலாந்தின் நியூகாசல் நகரில், அரசு உதவித்தொகை தங்களுக்கு உண்டு என்று தெரியாமலே இருந்த முதியவர்கள் பலர். ஆலோசகர் ஒருவர் உரிய தொகையைப் பெற்றுத் தந்தால் உடல்நலம் தேறுமா என்று அறிய, 60 வயதோ அதற்கு மேலோ ஆன 126 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே ஆலோசனை, மற்றதற்குப் பிறகு.

கேள்வித்தாள்களைக் கூட்டிப் பார்த்தால் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். அவர்களில் 25 பேரிடம் உட்கார்ந்து பேசினாலோ, திட்டத்தால் வாழ்க்கை மாறியதாகச் சொன்னார்கள். எதை நம்புவது? சூசேன் மொஃபட்டும் குழுவினரும் 2006இல் இந்த முரணையே பொருளாக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள்.

கலப்பு முறை ஆய்வில் இதற்குக் கைகொடுப்பது கூட்டு அட்டவணை. முதல் பத்தியில் பேசுபொருள், அடுத்ததில் எண், அதற்கடுத்து நேர்காணல், கடைசியில் இரண்டையும் சேர்த்து நாம் எட்டும் முடிவு. நியூகாசல் சங்கதியை நானே அப்படி வரைந்து பார்த்தேன்.

‘உடல்நோய்’ என்ற வரிசையில் எண் அசையவில்லை. நேர்காணலிலும் நாள்பட்ட நோய் தீர்ந்ததாகப் பெரிதாகப் பேச்சில்லை. ஆக, இங்கே சண்டையே கிடையாது. ‘பணக்கவலை, பிறர் கையை எதிர்பாராத வாழ்வு’ என்ற வரிசையில்தான் நேர்காணல் கட்டம் நிரம்பி வழிகிறது. பில் கட்டுவதும், நல்ல சாப்பாடும், திடீர்ச் செலவைத் தாங்குவதும் அதில் வருகின்றன. எண் பக்கத்தில் இவற்றுக்கு நேரான கேள்விகள் போதிய அளவு இருந்தனவா என்று தேடிப் பார்க்க வேண்டும். மொத்தமாகப் பார்த்தபோது முரணாகத் தெரிந்தது, பிரித்துப் பார்த்தால் சரியாகக் கேட்காத கேள்வியாகவும் இருக்கலாம்.

எல்லா முரணும் இப்படிக் கரையாது. பேட்டி கொடுத்த 25 பேர் மற்றவர்களைவிட அதிகம் பயனடைந்தவர்களாக இருக்கலாம். அதைச் சோதிக்க, அந்த 25 பேரின் கேள்வித்தாள்களை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் எண்ணும் அசையவில்லையென்றால் கோளாறு கேள்வியில். அசைந்திருந்தால், ஆள் தேர்வில். ஆலோசனை பெற்ற எல்லோருக்கும் பணம் வரவில்லை என்பதையும் ஒரு வரிசையில் எழுத வேண்டும். எதுவும் கிடைக்காதவர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், கிடைத்தவர்களின் மாற்றம் அதில் அமுங்கிப்போகும். 126 பேர் என்பதும் சிறிய தொகை. வேறுபாடு தென்படாததை வேறுபாடே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

என்னை உறுத்துவது வேறு. எண்ணுக்கு ஒத்துவரும் பேச்சை மட்டும் பொறுக்கி மூன்றாம் பத்தியை அலங்கரிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அட்டவணையில் எல்லா வரிசையும் ‘ஒத்துப்போகிறது’ என்று முடிந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஒத்துப்போகாத வரிசையின் கடைசிக் கட்டத்தில், அடுத்த முறை யாரிடம், எத்தனை மாதம் கழித்து, எதைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும்.