உச்சியில் வாங்கினால் என்ன ஆகும்?

மாமல்லபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் மனைத் தரகர் ஒருவர் செல்போனில் சென்செக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புது உச்சமாம்ணே. இப்பப் போட்டு, நாளைக்கே விழுந்துட்டா?" கிழக்குக் கடற்கரைச் சாலை மனைகளை விற்கும்போது மட்டும், 'இன்னும் ஏறும் சார், இப்பவே முடிச்சிடுங்க' என்பவர் அவர். நிலத்துக்குத் தினசரி விலைப்பலகை கிடையாது. இருந்தால் அங்கேயும் இதே பயம் வந்திருக்கும்.

அவர் பயப்படுவது நிஜமாகவே நடந்திருக்கிறது. 2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873-ல் முடிந்தது. அதுதான் அந்த ஏற்றத்தின் உச்சி. அன்று ஒருவர் குறியீட்டில் ஒரு லட்சம் போட்டிருந்தால், 2009 மார்ச் 9-ல் அது சுமார் 39,000 ரூபாய்தான். 2010 தீபாவளி நேரத்தில் முதல் திரும்பியது. 'அப்பாடா' என்பதற்குள் 2011 டிசம்பரில் மறுபடி 73,000 ரூபாய்க்கு இறங்கியது. போட்ட முதலுக்குக் கீழே போகாத நிலை 2014-ல்தான் வந்தது. ஆறு ஆண்டு!

பொறுத்திருந்தவருக்கு 2024 செப்டம்பரில் நாலு லட்சத்துக்கு மேல். டிவிடெண்டைச் சேர்க்காமல் ஆண்டுக்கு 9 சதவீதத்தை ஒட்டி வரும். நஷ்டமில்லைதான், ஆனால் வங்கி டெபாசிட்டை ஏளனம் செய்யும் அளவுக்கு அது பெரிய லாபமும் இல்லை.

அதே லட்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, 2008-ல் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் போட்டிருந்தால்? சராசரி வாங்கிய விலை 13,300 அளவில் வரும். தேர்தல் முடிவுக்குப் பின் 2009 மே 18 அன்று சந்தை ஒரே நாளில் 2,100 புள்ளிகள் தாவி 14,284-ஐத் தொட்டது. இவர் அன்றே லாபத்தில். ஒரே நாளில் போட்டவர் இன்னும் ஒன்றரை ஆண்டு காத்திருந்தார்.

சந்தை தொடர்ந்து ஏறினால், பிரித்துப் போடுபவருக்குக் கொஞ்சம் லாபம் குறையும் என்பார்கள். உண்மைதான். ஜப்பானில் 1989 உச்சியைத் தாண்ட 34 ஆண்டு ஆனதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

என் கவலை மாதச் சம்பளத்தில் எஸ்ஐபி கட்டுபவரைப் பற்றியது அல்ல. அவர் தானாகவே பிரித்துத்தான் போடுகிறார். திருப்போரூர், செங்கல்பட்டுப் பக்கம் பூர்வீக நிலத்தை விற்றுவிட்டு, பத்திரப்பதிவு முடிந்த வாரமே முழுத்தொகையையும் யாரோ சொன்ன ஃபண்டில் கொட்டுபவரைப் பற்றியது. அவருக்கு மறுபடி விற்க இன்னொரு நிலம் இல்லை.

அப்படிப் பணம் வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு ஆண்டுக்குள் கல்யாணத்துக்கோ கல்லூரிக்கோ வேண்டிய தொகையை டெபாசிட்டிலேயே விடுங்கள். மீதியை லிக்விட் ஃபண்டில் வைத்து, எஸ்டிபி முறையில் மாதாமாதம் ஒரு பங்கைக் குறியீட்டு ஃபண்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். நடுவில் சந்தை விழுந்தால் பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள். 2008-ல் சராசரியைக் கீழே இழுத்தது அந்தக் கடைசி மூன்று மாதத் தவணைகள்தான்.