வாழ்த்தும் விலையும் ஒரே பொட்டலத்தில்

போன தீபாவளிக்கு முந்தின இரவு, கோலா கங்சாரில் இருக்கும் என் அத்தையின் கைப்பேசிக்கு ஒரு கடையிலிருந்து புலனச் செய்தி வந்தது. ஐந்தாறு பட்டாசுப் படங்கள், நான்கு ஆச்சரியக்குறிகள், “மகிழ்ச்சி பொங்கும் தீபாவளி” என்று ஒரு வரி. அதற்குக் கீழே “50% வரை கழிவு, முந்துங்கள்.” அந்த ஆண்டு மாமா தவறிவிட்டார். அத்தை வீட்டில் பலகாரம் சுடவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை. செய்தியைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். “இருபது வருஷமா அங்கதான் வாங்குறோம். மாமா போனது அவங்களுக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. எல்லோரும் அனுப்புகிறார்களே என்று அவரும் அனுப்பியிருக்கிறார். ஆனால் ஒரே ஒரு செய்தி இருபது ஆண்டு உறவைக் கொஞ்சம் கீறிவிட்டது. பண்டிகை வாழ்த்தோடு சலுகையையும் சொல்ல வேண்டியிருக்கும் சிறு வணிகர்கள் இதை எப்படி எழுதலாம் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பத்திரிகை பிரித்து வைத்ததைக் கைப்பேசி சேர்த்துவிட்டது

நம் நாட்டுத் தமிழ் நாளிதழ்களின் பழைய தீபாவளிச் சிறப்பிதழ்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வாழ்த்துக் கட்டங்கள் நினைவிருக்கும். ஒரு குத்துவிளக்குப் படம், “எங்கள் வாடிக்கையாளர்கள், நண்பர்கள் அனைவருக்கும்” என்று தொடங்கும் ஒரு வாக்கியம், கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண். பெரும்பாலும் அதில் விலை இருக்காது. மலிவு விற்பனை விளம்பரம் வேறொரு பக்கத்தில் வரும். வாழ்த்துக்கு ஓர் இடம், வியாபாரத்துக்கு ஓர் இடம் என்று பத்திரிகையே பிரித்துக் கொடுத்தது.

பெரிய நிறுவனங்கள் இந்தப் பிரிவை இன்றும் காப்பாற்றுகின்றன. மறைந்த இயக்குநர் யாஸ்மின் அகமட் எடுத்த பெட்ரோனாஸ் பண்டிகை விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் விலை பற்றி ஒரு சொல் வராது. கதை முடிந்த பிறகு நிறுவனத்தின் சின்னம் வரும், அவ்வளவுதான். ஆனால் மளிகைக் கடைக்கோ துணிக்கடைக்கோ அந்த வசதி இல்லை. அவர்கள் கையில் இருப்பது ஒரு படமும் அதன் கீழே நான்கு வரியும். வாழ்த்தும் விலையும் அந்த நான்கு வரிக்குள் அடங்க வேண்டும். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு மளிகைக் கடையின் நான்கு வரி

எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்கார அண்ணன் ஒருவர், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தான் எழுதியதைக் காட்டினார்.

“இருள் நீங்கி ஒளி பெருக இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்!!! மாபெரும் மலிவு விற்பனை! 30% வரை கழிவு! ஸ்டாக் உள்ளவரை மட்டுமே! முந்துங்கள்!!!”

இதில் மூன்று குறைகள் இருந்தன. முதல் வாக்கியம் எந்தக் கடைக்கும் பொருந்தும். கடைப் பெயரை விரலால் மறைத்துவிட்டால் டயர் கடையா, நகைக் கடையா என்று தெரியாது. இரண்டாவது, வாழ்த்து மூச்சு விடுவதற்குள் விற்பனை பாய்ந்துவிடுகிறது. படிப்பவர் மனத்தில் “ஓ, இதுக்குத்தானா” என்ற எண்ணம் வந்துவிடும். மூன்றாவது, “30% வரை” என்றால் எந்தப் பொருளுக்கு, எத்தனை நாளுக்கு என்று எதுவும் சொல்லவில்லை.

“அண்ணே, இந்த நாள்ல கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்க என்ன பேசுவீங்க?” என்று கேட்டேன்.

“என்ன பேசுறது? பலகார மாவு வாங்குறப்ப, ‘பையன் கேஎல்லேருந்து எப்ப வர்றான்’னு கேப்பேன்.”

அவர் எழுத வேண்டிய வாழ்த்து அதுதான். கல்லாவில் நின்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம். கோலா கங்சார் போன்ற ஊரில் பிள்ளைகள் பலர் வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். தீபாவளி என்றால் அவர்கள் வீடு திரும்பும் நாள். அது அவருக்கும் தெரியும், வாங்க வருபவர்களுக்கும் தெரியும். உட்கார்ந்து இப்படி மாற்றி எழுதினோம்:

“பிள்ளைகள் ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு முறுக்கு பிழியும் வீடுகளுக்கு எங்கள் தீபாவளி வாழ்த்துகள்.

பலகார மாவு, நல்லெண்ணெய், அகல் விளக்கு மூன்றும் சேர்ந்த பொட்டலம் 38 ரிங்கிட். தனித்தனியே வாங்கினால் 45 ரிங்கிட். 100 பொட்டலம் கட்டியிருக்கிறோம். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை 6 மணி வரை கிடைக்கும்.”

வாழ்த்து ஒரு முழு வாக்கியம். அது முற்றுப்புள்ளியோடு முடிகிறது. பிறகு ஒரு வரி இடைவெளி. அந்த வெற்று வரி, பழைய பத்திரிகையில் இரண்டு பக்கங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியின் வேலையைச் செய்கிறது. அதற்குப் பிறகு சலுகை, எந்த வேடமும் இல்லாமல் சலுகையாகவே வருகிறது. “உங்கள் வாழ்வில் ஒளி வீச எங்கள் கழிவு” என்பது போல இரண்டையும் ஒட்டுப்போடும் வரி எதுவும் இல்லை. வெதுவெதுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் விலை அல்ல, அந்த ஒட்டுதான். பண்டிகை நாளில் கடை விற்கத்தான் செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். விற்பதை வாழ்த்துக்குள் ஒளித்து வைத்தால்தான் கோபம் வருகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். பொட்டலத்தில் இருப்பவை எல்லாம் அந்த வாரம் அந்த வீட்டுக்கு வேண்டியவை. சலுகை வீட்டு வேலைக்கு உதவினால் அதுவே பாதி வாழ்த்து. டயர் கடைக்குக்கூட இது பொருந்தும். நெடுஞ்சாலையில் ஊருக்குப் போய்வரும் குடும்பங்களை வாழ்த்திவிட்டு, “புறப்படும் முன் வாருங்கள், டயர் காற்றை இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்” என்று எழுதலாம்.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சலுகைப் பகுதியை மறைத்துவிட்டு வாழ்த்தை மட்டும் படியுங்கள். தனியாக நிற்கிறதா? பிறகு வாழ்த்தை மறைத்துவிட்டு சலுகையை மட்டும் படியுங்கள். என்ன பொருள், என்ன விலை, எதுவரை என்று புரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அனுப்பலாம்.

சுருக்கமாக எழுத ஒரு காரணம்

இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே முதல் 125 குறிகள் அளவுக்குத்தான் தெரியும். மீதி “more” என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். தமிழில் இது சீக்கிரம் தீர்ந்துபோகும். “தீபாவளி” நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு, ஏனென்றால் கால், கொம்பு, சுழி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அண்ணனின் புதிய வாழ்த்து வாக்கியம் சுமார் 100 குறிகள். முழுதாகத் தெரியும், சலுகை அடுத்து வருவதும் தெரியும். வாழ்த்து நான்கு வரிக்கு நீண்டால் சலுகையை யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்குப் பயந்து சலுகையை மேலே ஏற்றினால் வாழ்த்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எந்த நாளில் எது

எல்லாவற்றையும் ஒரே செய்தியில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூன்று வாரம் முன்பு மக்கள் சாமான் பட்டியல் போடும் நேரம். அப்போது வரும் விலைச் செய்தி உதவி. தீபாவளிக் காலையில், எண்ணெய் தேய்த்துக் குளித்து, படையலிட்டு, பெரியவர்கள் காலில் விழும் நேரத்தில் அதே செய்தி தொல்லை. எனவே அண்ணன் பொட்டலச் செய்தியை மூன்று வாரம் முன்பு அனுப்பினார். பண்டிகைக் காலையில் விலை இல்லாமல் வாழ்த்து மட்டும் அனுப்பி, “கடை நாளை மறுநாள் திறக்கும்” என்று ஒரு வரி சேர்த்தார். காலைச் செய்திக்கு வந்த பதில்களை என்னிடம் காட்டினார். “உங்களுக்கும் வாழ்த்துகள் அண்ணே, பையன் வந்துட்டான்” என்று ஒருவர் எழுதியிருந்தார். முதல் செய்திக்கு வந்த பதில்கள் வேறு மாதிரி: “அண்ணே, ரெண்டு பொட்டலம் எடுத்து வைங்க.” ஒவ்வொரு செய்தியும் தன் வேலையைச் செய்திருந்தது.

எண் மெய்யாக இருக்க வேண்டும்

வாழ்த்து எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அதன் கீழே வரும் பொய் அவ்வளவு வலிக்கும். 45 ரிங்கிட் என்று எழுதினால், அந்த மூன்று பொருளும் அலமாரியில் உண்மையாகவே 45 ரிங்கிட்டுக்கு விற்க வேண்டும். பண்டிகைக்கு முன் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு “கழிவு” என்று இறக்குவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது மட்டுமல்ல. விலை பற்றித் தவறான எண்ணம் தருவது 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். நூறு பொட்டலம் தீர்ந்துவிட்டால், “தீர்ந்துவிட்டது, நன்றி” என்று அன்றே எழுதிவிட வேண்டும். தைப்பிங் பக்கத்திலிருந்து வண்டியெடுத்து வந்து வெறுங்கையோடு திரும்புபவருக்கு வாழ்த்து வாக்கியம் ஞாபகம் இருக்காது.

அத்தைக்கு என்ன அனுப்பியிருக்கலாம்?

புலனத்தின் ஒலிபரப்புப் பட்டியலில் ஒரே செய்தி 256 பேர் வரை போகும். உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதாவது, அதைப் பெறுபவர்கள் உங்களைத் தெரிந்தவர்கள். அந்த ஆண்டு துக்கம் நடந்த வீடுகள் அவர்களிடையே நிச்சயம் இருக்கும். நம் வழக்கத்தில் அந்த வீடுகள் பண்டிகை கொண்டாடுவதில்லை. புலனத்தின் வணிகச் செயலியில் வாடிக்கையாளர்களுக்கு அடையாளப் பெயர் இட்டு வைக்கும் வசதி உண்டு. செய்தி கேள்விப்பட்ட அன்றே அந்த எண்ணுக்கு ஓர் அடையாளம் வைத்து, பண்டிகைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும்.

அண்ணன் இந்த முறை தம் பட்டியலிலிருந்து ஏழு வீடுகளை எடுத்துவிட்டார். அவர்களுக்குத் தனித்தனியாக எழுதினார். சலுகை இல்லை, “மகிழ்ச்சி” என்ற சொல்லும் இல்லை. “அக்கா, இந்த வருஷம் வீடு அமைதியா இருக்கும்னு தெரியும். எதுவும் வேணும்னா சொல்லுங்க, கொண்டு வந்து தர்றேன்.” அவ்வளவுதான்.

அந்த ஏழில் ஒன்று என் அத்தைக்கு வந்தது. அன்று அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கவில்லை. மறுநாள் அந்தக் கடையிலிருந்து விளக்குக்கு எண்ணெய் வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார்.