பென் டிரைவில் மறைந்து நிற்கும் இரண்டாவது பார்ட்டிஷன்

ஒரு பென் டிரைவை இரண்டு பார்ட்டிஷன்களாகப் பிரித்து, விண்டோஸ் 7 அல்லது 8.1 ஓடும் கணினியில் செருகினால், முதல் பார்ட்டிஷன் மட்டுமே திரையில் தோன்றும். மற்றது அழிந்துவிடவில்லை. அதிலுள்ள கோப்புகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் அதற்கு டிரைவ் எழுத்து கொடுப்பதில்லை. எழுத்து இல்லாததால் அதைத் திறக்க வழியும் இருப்பதில்லை. அதே கணினியில் யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் ஒன்றைச் செருகினால், அதிலுள்ள நான்கு பார்ட்டிஷன்களும் வரிசையாக வந்து நிற்கும். இரண்டும் ஒரே யூஎஸ்பி துளையில்தான் செருகப்படுகின்றன. அப்படியிருந்தும் நடத்தை வேறுபடுவதற்குக் காரணம் ஒரே ஒரு பிட்.

பென் டிரைவைச் செருகியதும், அது எப்படிப்பட்ட சாதனம் என்று கணினி அதனிடம் கேட்கிறது. இந்தக் கேள்விக்கு INQUIRY என்று பெயர். வரும் பதிலின் இரண்டாவது பைட்டில் மிக உயர்ந்த பிட் 1 ஆக இருந்தால், அது ‘ரிமூவபிள்’ சாதனம். 0 ஆக இருந்தால் நிலையான டிஸ்க். பெரும்பாலான பென் டிரைவ்கள் 1 என்று பதில் சொல்கின்றன. யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்குகள் 0 என்கின்றன. ரிமூவபிள் என்ற சொல் இங்கே கொஞ்சம் குழப்பம் தரக்கூடியது. கணினியிலிருந்து சாதனத்தைப் பிடுங்க முடியுமா என்பதை அது குறிக்கவில்லை. சாதனம் இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குள் உள்ள ஊடகத்தை மட்டும் மாற்ற முடியுமா என்பதையே குறிக்கிறது. பிளாப்பி டிரைவும் மெமரி கார்டு ரீடரும் இதற்குச் சரியான உதாரணங்கள். பென் டிரைவில் அப்படி மாற்ற எதுவும் இல்லை என்றாலும், அதன் கன்ட்ரோலர் தன்னை அந்த வகையாகவே அறிவித்துக்கொள்கிறது.

ரிமூவபிள் என்று பதில் வந்தால், பழைய விண்டோஸ் பதிப்புகள் பிளாப்பி காலத்து வழக்கத்தையே பின்பற்றின: ஓர் ஊடகம், ஒரு டிரைவ் எழுத்து. பார்ட்டிஷன் அட்டவணையில் முதல் பதிவு எதைச் சுட்டுகிறதோ அதற்கு மட்டும் எழுத்து கொடுத்துவிட்டு, மீதியை விட்டுவிடும். 2017 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில் இந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதற்குப் பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளும் விண்டோஸ் 11-ம் ரிமூவபிள் சாதனத்திலுள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும் திறக்கின்றன. எனவே இந்தச் சிக்கலில் முதலில் பார்க்க வேண்டியது விண்டோஸின் பதிப்பு எண். விண்டோஸ் பொத்தானையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி, winver என்று தட்டினால் அந்த எண் தெரிந்துவிடும்.

ஒரு எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று லினக்ஸில் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் 8 ஜிபி, டிவியிலும் பிரின்டரிலும் செருகுவதற்காக FAT32 வடிவில் இருக்கிறது. அந்த வடிவில் 4 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பை வைக்க முடியாது என்பதால், பெரிய வீடியோக்களுக்காக மீதமுள்ள 21 ஜிபி NTFS வடிவில் இருக்கிறது. இந்த டிரைவை விண்டோஸ் 7 கணினியில் செருகினால் 8 ஜிபி டிரைவ் ஒன்றே தெரியும். வாங்கிய டிரைவ் போலி என்றோ, பாதி கெட்டுவிட்டது என்றோ எண்ணத் தோன்றும். உண்மை நிலையை அறிய, நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து diskpart என்று தட்டி, இந்த மூன்று கட்டளைகளைக் கொடுத்தால் போதும்:

```
list disk
select disk 1
list partition
```

முதல் கட்டளை கணினியிலுள்ள டிஸ்க்குகளைப் பட்டியலிடும். அதில் ஏறக்குறைய 29 ஜிபி என்று காட்டுவதுதான் பென் டிரைவ். 32 ஜிபி என்பது ஆயிரங்களில் எண்ணிய கணக்கு, விண்டோஸ் 1024-களில் எண்ணுவதால் எண் குறைகிறது. இரண்டாவது கட்டளையில், பட்டியலில் அந்த டிரைவுக்கு உரிய எண்ணைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது கட்டளை 8 ஜிபியில் ஒன்று, 21 ஜிபியில் ஒன்று என இரண்டு பார்ட்டிஷன்களையும் காட்டினால், டிரைவ் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். இதே இரண்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையிலும் பெட்டிகளாகத் தெரியும். ஆனால் இரண்டாவது பெட்டியை வலது கிளிக் செய்தால், டிரைவ் எழுத்து கொடுக்கும் வரி மங்கிக் கிடக்கும். டிரைவ் எந்த வகை என்பதை உறுதி செய்ய இன்னொரு கட்டளை உண்டு:

```
fsutil fsinfo drivetype E:
```

E என்ற இடத்தில் பென் டிரைவின் எழுத்தைப் போட வேண்டும். பதில் “Removable Drive” என்று வந்தால், மேலே சொன்ன காரணம்தான். “Fixed Drive” என்று வந்தால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும்.

இந்த நிலையில் செய்யக் கூடாதவை இரண்டு. தெரிகிற 8 ஜிபி டிரைவை ஃபார்மட் செய்வதால் இழந்த இடம் திரும்பி வராது. ஃபார்மட் அந்த ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே வேலை செய்யும். அதிலுள்ள கோப்புகள் போவதுதான் மிச்சம். இன்னொன்று diskpart-இன் clean கட்டளை. முழு கொள்ளளவையும் மீட்க அது பயன்படும் என்பது உண்மை. ஆனால் அது பார்ட்டிஷன் அட்டவணையையே துடைத்துவிடும் என்பதால், மறைந்திருக்கும் 21 ஜிபி கோப்புகளுக்கும் வழி அடைபட்டுவிடும். உள்ளே வேண்டியது எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே அதைத் தொடலாம்.

இரண்டாவது பார்ட்டிஷனை அடைவதற்கு மிக எளிய வழி, டிரைவை 1703-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 கணினியிலோ விண்டோஸ் 11 கணினியிலோ செருகுவது. வழக்கமாக இரண்டு எழுத்துகளும் தாமாகவே வந்துவிடும். இரண்டாவது வராவிட்டால் diskpart-இல் கையால் கொடுக்கலாம்:

```
select disk 1
select partition 2
assign letter=X
```

எழுத்து இல்லாமல் போனது மட்டுமே காரணம் என்றால், உடனே X: என்ற டிரைவ் தோன்றும். இதே கட்டளைகளை விண்டோஸ் 7-இல் கொடுத்துப் பயனில்லை. அங்கே இரண்டாவது பார்ட்டிஷனுக்கு ‘வால்யூம்’ என்ற அடையாளமே உருவாகியிருக்காது. எழுத்தை ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் assign மறுத்துவிடும்.

பழைய விண்டோஸிலேயே திறந்தாக வேண்டும் என்றால், அட்டவணையின் வரிசையை மாற்றுவது ஒரு வழி. MBR முறையில் பிரித்த டிரைவில், தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளுக்குள் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது. அதில் நான்கு பதிவுகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றும் 16 பைட். ஒவ்வொரு பதிவும், பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்பதைச் சொல்கிறது. பார்ட்டிஷன் டிரைவில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பழைய விண்டோஸ் பொருட்படுத்துவதில்லை. பதிவு அட்டவணையில் முதலில் இருக்கிறதா என்பதே அதற்குக் கணக்கு. ஆகவே முதல் பதிவையும் இரண்டாவது பதிவையும் இடம் மாற்றினால், ஒரு கோப்பைக்கூட நகர்த்தாமல் 21 ஜிபி பார்ட்டிஷன் திரைக்கு வந்துவிடும். விண்டோஸில் BOOTICE என்ற சிறு நிரல், தன் பார்ட்டிஷன் மேலாண்மைத் திரையிலுள்ள “Set Accessible” பொத்தானின் மூலம் இதைச் செய்கிறது. லினக்ஸில் sfdisk போதும். டிரைவை அன்மவுண்ட் செய்த பின், அட்டவணையை ஒரு கோப்பில் எழுதிக்கொள்ள வேண்டும்:

```
sudo sfdisk --dump /dev/sdb > pen.txt
```

எடுத்துக்காட்டு டிரைவுக்கு அந்தக் கோப்பில் இப்படி இரண்டு வரிகள் இருக்கும்:

```
/dev/sdb1 : start=2048, size=16777216, type=c
/dev/sdb2 : start=16779264, size=44040192, type=7
```

எண்கள் 512 பைட் அளவுள்ள செக்டர்களைக் குறிக்கின்றன. கோப்பை முதலில் நகல் எடுத்து, டிரைவில் அல்லாமல் கணினியில் வைக்க வேண்டும். பிறகு கோப்பைத் திறந்து sdb1 என்பதை sdb2 என்றும், sdb2 என்பதை sdb1 என்றும் மாற்ற வேண்டும். எண்களில் கை வைக்கக் கூடாது. சேமித்த பின் திரும்ப எழுதலாம்:

```
sudo sfdisk /dev/sdb < pen.txt
```

இங்கே sdb என்பது உண்மையில் பென் டிரைவ்தானா என்று lsblk கட்டளையில் கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்யாமல் தொடரக் கூடாது. தவறான பெயரைத் தட்டினால் கணினியின் சொந்த டிஸ்க்கின் அட்டவணை மாறிப்போகும். முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. 21 ஜிபி தெரியத் தொடங்கியதும் 8 ஜிபி மறைந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றே தெரியும். பழைய வரிசைக்குத் திரும்ப, நகல் கோப்பை அதே கட்டளையில் கொடுத்தால் போதும். கணினியைப் பூட் செய்யப் பயன்படும் டிரைவில் இதைச் செய்தால், பார்ட்டிஷன் எண்ணை நம்பியிருக்கும் பூட் நிரல் வழி தவறக்கூடும்.

டிரைவை நிலையான டிஸ்க்காகக் காட்டும் வழிகளும் பேசப்படுகின்றன. cfadisk.sys என்ற டிரைவர் அதில் பழையது. ஹிட்டாச்சியின் மைக்ரோடிரைவுக்காக எழுதப்பட்டது அது, அதன்.inf கோப்பில் பென் டிரைவின் அடையாள எண்ணைச் சேர்த்துப் பொருத்துவார்கள். அது டிரைவில் எதையும் மாற்றுவதில்லை. பொருத்திய அந்த ஒரு கணினியில் மட்டும் பதிலைத் திருத்திக் காட்டும். மேலும், கையொப்பம் இல்லாத டிரைவர்களை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. கன்ட்ரோலரின் உள்நிரலை மாற்றி அந்தப் பிட்டையே 0 ஆக்குவது இன்னொரு வழி. அதற்கு அந்தக் கன்ட்ரோலருக்கு உரிய கருவி தேவை. தவறினால் டிரைவே செயலிழக்கலாம். கோப்புகளை எடுப்பது மட்டுமே நோக்கம் என்றால் இரண்டும் தேவையில்லாத ஆபத்து.

புதிய விண்டோஸிலும் சில பார்ட்டிஷன்கள் திறக்காமல் நிற்பதுண்டு. அதற்குக் காரணம் ரிமூவபிள் பிட் அல்ல, பார்ட்டிஷனின் வடிவம். ராஸ்பெரி பை கணினியின் மெமரி கார்டு நல்ல உதாரணம். அதில் முதல் பார்ட்டிஷன் சிறிய FAT32. இரண்டாவது லினக்ஸின் ext4. விண்டோஸ் 11 இரண்டுக்கும் எழுத்து கொடுக்கும். ஆனால் ext4 அதற்குப் புரியாததால், பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டியைக் காட்டும். அங்கே “Cancel” மட்டுமே சரியான பதில். ஃபார்மட் செய்தால் ராஸ்பெரி பையின் இயங்குதளமே போய்விடும். அந்தக் கோப்புகளைப் படிக்க லினக்ஸ் கணினியே நேரான வழி. வென்டாய் நிறுவிய பென் டிரைவில் VTOYEFI என்ற 32 எம்பி பார்ட்டிஷன் இருப்பதும் இயல்பானதே. பூட் செய்வதற்காக வைக்கப்பட்ட பகுதி அது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதைத் தொடாமல் விட்டுவிடுவதே முறை.