யாருக்கு எழுதுவது, எப்போது எழுதுவது

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்க்கும் ஒருவர் வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல வருடம் செவிலியராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். கண்ணில் படும் மொழிபெயர்ப்பு ஏஜென்சிகளின் முகவரிகளையெல்லாம் திரட்டி ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பிவைப்பதுதான் பலரும் செய்வது. அந்தக் கடிதம் info@ என்று தொடங்கும் ஏதோ ஒரு பெட்டியில் போய் விழும். அதைத் திறந்து பார்ப்பவருக்கு மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பே பெரும்பாலும் இருக்காது.

தமிழில் மருத்துவ ஆவணம் யாருக்குக் கட்டாயம் தேவைப்படுகிறது? இவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும்போது, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ ஒரு மருத்துவமனை ஆய்வில் சேர்ந்தால், அங்கே தமிழ் ஒப்புதல் படிவம் தேவைப்படும். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அதைப் பார்த்துத்தான் அனுமதி தரும்.

இந்த ஆய்வுகள் எங்கே நடக்கின்றன என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை CTRI தளத்தில் பதிவு செய்வது கட்டாயம். ஒவ்வொரு பதிவிலும் ஆய்வை நடத்தும் நிறுவனம், எந்தெந்த மருத்துவமனைகள், தொடர்புக்கு யார் என்பதெல்லாம் இருக்கும். தமிழ்நாட்டு மருத்துவமனைகள் உள்ள பதிவுகளை மட்டும் எடுத்து, ஒரே நிறுவனத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அப்படி வருகிற நிறுவனம்தான் நமக்கு வேண்டியது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். பதிவு கண்ணில் படும்போது அந்த ஆய்வின் தமிழ்ப் படிவம் ஏற்கெனவே முடிந்திருக்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் கட்டத்தில்தானே பதிவும் நடக்கிறது. அதனால் ‘இந்த ஆய்வுக்கு நான் மொழிபெயர்க்கிறேன்’ என்று எழுதினால் பலன் இருக்காது. அடுத்த ஆய்வையும் இதே ஆய்வின் திருத்தங்களையும் மனத்தில் வைத்து எழுதுங்கள். ஆய்வுத் திட்டம் மாறும்போது ஒப்புதல் படிவமும் பல சமயம் மாறும். மாறிய பகுதியைத் தமிழிலும் திருத்தியாக வேண்டும். அவசரமாக ஆள் தேடுவது அப்போதுதான்.

கடிதம் ஐந்தாறு வரிக்கு மேல் போக வேண்டாம், இப்படி இருந்தால் போதும்: இன்ன துறையில் உங்கள் ஆய்வுகள் தமிழ்நாட்டில் நடப்பதைப் பதிவில் பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவள். ஒப்புதல் படிவம் மொழிபெயர்ப்பேன், அல்லது வேறொருவர் தமிழாக்கியதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து சரிபார்க்கும் வேலையையும் செய்வேன். சரிபார்ப்பைப் பற்றிய இந்தக் கடைசிப் பகுதி முக்கியம். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் சரிபார்ப்புக்கு அர்த்தமில்லை என்பதால், ஏற்கெனவே மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் இன்னொரு ஆள் தேவைப்படும். கூடவே ஒரு பக்க மாதிரி வையுங்கள். அதுவும் நீங்களே எழுதிய ஒரு நோயாளி விளக்கத்தின் தமிழாக்கமாக இருக்கட்டும். பழைய வாடிக்கையாளரின் ஆவணத்தை மாதிரியாகக் காட்டுகிறவரிடம் ரகசிய ஆவணத்தை யார் கொடுப்பார்கள்?

ஏஜென்சிக்கு எழுதும்போது கடிதம் மாறும். அங்கே தேட வேண்டியவர் வெண்டர் மேனேஜர். அவருக்குத் தெரிய வேண்டியவை மொழி ஜோடி, துறை, ட்ரேடோஸ், மெமோக்யூ போன்ற மென்பொருளில் எது தெரியும், மூலச் சொல்லுக்கு என்ன கட்டணம், ஒரு நாளைக்கு எவ்வளவு முடியும் என்பவைதான். 5,000 சொல் படிவம் வந்து, நாளொன்றுக்கு 2,000 சொல் முடியும் என்றால், இரண்டரை நாள் மொழிபெயர்ப்பு, ஒரு நாள் மீள்வாசிப்பு, ஆக மொத்தம் மூன்றரை நாள், அதை முழுதாக்கி நான்கு நாள் என்று சொல்லுங்கள். நேரடி வாடிக்கையாளருக்குச் சொற்கணக்கு பழக்கமில்லை. அவருக்கு ஆவணம் ஒன்றுக்கு இவ்வளவு, இன்ன தேதிக்குள் என்று முழுத்தொகையாகச் சொன்னால் எளிது.

பதில் வராவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு முறை மட்டும் எழுதலாம். அதில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். அதே துறையில் இன்னொரு மாதிரிப் பக்கம் போதும். ‘கோப்பில் வைத்துக்கொள்கிறோம்’ என்ற பதிலைக் கதவடைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிறுவனத்தின் பெயர் பதிவுகளில் மறுபடி தென்படும்போது அதே நபருக்குத் தொடர்ந்து எழுதலாம்.

வேலை வந்துவிட்டால், ஒப்புக்கொள்ளும் முன் வேலை தருபவரைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். ஏஜென்சி என்றால் ProZ.com தளத்தின் Blue Board-இல் மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் அதற்குத் தந்த மதிப்பெண்ணைப் பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு இலவச மின்னஞ்சலிலிருந்து எழுதினால், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் 30 நாளில் வருமா, 60 நாளிலா என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.